‘மாத்தல’ என்றால் ‘மாத்தலாம்’ என்று எழுதும் கைபேசி: குரல் தட்டச்சுடன் நீண்ட நாள் அனுபவம்

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மேற்பார்வையாளராக இருக்கும் நண்பர், ஷிப்ட் அறிக்கைகளைக் கைபேசியில் பேசியே எழுதிவிடலாமா என்று சென்ற வாரம் கேட்டார். நான் கோவையில் அதே வேலையில் இருப்பவன். சில ஆண்டுகளாக இப்படித்தான் எழுதிவருகிறேன். விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுத்து விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எனவே அதை விட்டுவிட்டு, விழுந்த எழுத்தை மேலாளருக்கு அனுப்பத்தக்க மொழிக்குக் கொண்டுவரும் வரை நடப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எண்ணெயும் பஞ்சும் படிந்த விரலால் கைபேசியில் தமிழ் தட்டச்சு செய்து பார்த்தவர்களுக்கு, பேசினால் போதும் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று விளக்கத் தேவையில்லை. ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட், ஆட்டோகோனர், சிம்ப்ளெக்ஸ் போன்ற ஆலைச் சொற்களில் தடுமாறும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அவற்றைப் பெரும்பாலும் சரியாகவே எழுதுகிறது. அது தடுமாறும் இடம் வேறு. நாம் மூச்சுக்கு மூச்சு சொல்லும் ‘ல’ என்ற ஓரெழுத்தில்தான் அது விழுகிறது.

பேச்சுத் தமிழில் அந்த ‘ல’ பல வேலைகளைச் செய்கிறது. ‘பிரேம்ல’ என்றால் பிரேமில் என்று இடம். ‘மாத்தல’ என்றால் மாற்றவில்லை என்று மறுப்பு. அதே ‘ல’ நீண்டு ‘லாம்’ ஆனால் மாற்றலாம் என்று அனுமதி. ‘மாத்தலாம்’ என்று பேசும்போது கடைசி ‘ம்’ முழுமையாக ஒலிப்பதில்லை. உதடு மூடாமல் மூக்கொலியாகத் தேய்ந்துவிடுகிறது. ஆகவே ‘மாத்தல’, ‘மாத்தலாம்’ இரண்டுக்கும் இடையே எஞ்சுவது உயிரொலியின் நீளமும் சிறு மூக்கொலியும்தான். நூல் நூற்கும் ரிங் பிரேம்கள் ஓடும் கூடத்தில், பக்கத்தில் நிற்பவர் காதருகே கத்த வேண்டிய இரைச்சலில், அந்த வேறுபாடு கருவிக்கு எட்டுவதில்லை. ஒலி தெளிவாக இல்லாதபோது அது முன்னும் பின்னும் உள்ள சொற்களை வைத்து எது வழக்கமான தொடரோ அதைத் தேர்ந்துகொள்கிறது. நடந்தது என்ன என்று அதற்குத் தெரியாது.

ஒரு செய்தியை முழுமையாக எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அதில் வரும் டிராவலர் என்பது பிரேமில் நூலை வழிநடத்தும் சிறு வளையம்; காப் என்பது நூல் சுற்றிய குழல். ஷிப்ட் முடிவில் நான் பேசியது இது: “சார், பதினாலாம் நம்பர் ரிங் பிரேம்ல டிராவலர் மாத்தல, ஸ்டோர்ல ஸ்டாக் இல்ல, நாளைக்குக் காலைல வரும்னு சொன்னாங்க, அதுவரைக்கும் ஸ்பீடு கொறச்சு ஓட்டுறோம், அம்பது காப் தனியா வச்சிருக்கோம், குவாலிட்டில பாக்கணும்.” திரையில் விழுந்தது இது:

“சார் 14 நம்பர் ரிங் பிரேம் இல்ல டிராவலர் மாத்தலாம் ஸ்டோர்ல ஸ்டாக் இல்ல நாளைக்கு காலைல வரும்னு சொன்னாங்க அதுவரைக்கும் ஸ்பீடு குறைச்சு ஓட்டுறோம் 9 காபி தனியா வச்சிருக்கோம் குவாலிட்டி இல்ல பாக்கணும்”

படித்தவுடன் கண் எங்கே போகிறது? காபிக்குத்தான். ஒன்பது காபியைத் தனியாக எடுத்துவைத்த ஆலை என்று சிரித்துவிட்டு, ‘காபி’யைக் ‘காப்’ என்று திருத்துவோம். அந்தத் திருத்தத்தோடு அந்த வரி சரியாகிவிட்டது என்ற எண்ணமும் வந்துவிடும். ஆனால் பக்கத்திலேயே நிற்கும் 9 தப்பிவிடுகிறது. நான் சொன்னது ஐம்பது. ‘அம்பது’ என்பதை ‘ஒம்பது’ என்று கேட்டுக்கொண்டு, இலக்கமாகவும் மாற்றி, சந்தேகத்துக்கே இடமில்லாமல் எழுதிவைத்திருக்கிறது. உளறலாகத் தெரியும் பிழையால் கேடில்லை. படிப்பவர் யாராக இருந்தாலும் நிறுத்திக் கேட்டுவிடுவார். பொருள் தரும் பிழைதான் கேடு செய்கிறது. உளறல் பிழை நம் கவனத்தை இழுத்துக்கொண்டு அதற்கு மறைவாகவும் நிற்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சலூட்டும் செய்தி.

இப்போது, சுத்தம் செய்யாமலேயே இதை அலுவலக மொழிக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். “14ஆம் எண் ரிங் பிரேம் தற்போது இயக்கத்தில் இல்லாததால் டிராவலர் மாற்றும் பணியை மேற்கொள்ளலாம். எனினும் ஸ்டோரில் இருப்பு இல்லை; நாளை காலை வந்துசேரும் எனத் தெரிவிக்கப்பட்டுள்ளது. அதுவரை பிற பிரேம்கள் வேகம் குறைத்து இயக்கப்படும். தரம் குறைவான 9 காப்கள் தனியே வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பார்வையிட வேண்டுகிறோம்.” இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. படிக்கும் மேலாளருக்கு நெருடவும் நெருடாது. ஆனால் ஓடும் இயந்திரம் நின்றுவிட்டது, மாற்றாத டிராவலருக்கு மாற்றலாம் என்ற ஒப்புதல் கிடைத்துவிட்டது, ஐம்பது ஒன்பதாகிவிட்டது, சோதிக்காத நூலுக்குத் தரக்குறைவு என்ற முத்திரையும் விழுந்துவிட்டது.

மூல வரிகளில் ஒரு முரண் இருந்தது: பிரேம் இல்லை என்கிறது, பிறகு வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறோம் என்கிறது. அந்த முரண்தான் பிழையைக் காட்டிக்கொடுக்கும் ஒரே தடயம். மெருகேற்றும்போது நாம் சேர்க்கும் ‘இல்லாததால்’, ‘எனினும்’, ‘பிற பிரேம்கள்’ ஆகியவை அந்த முரணைப் பூசி மறைத்துவிட்டன. நல்ல நடையில் எழுதத் தெரிந்தவருக்கு இந்த ஆபத்து அதிகம். தொடர்பில்லாத இரண்டு வாக்கியங்களைக் கண்டால் அவர் கை தானாகவே ஓர் இணைப்புச் சொல்லைப் போட்டுவிடும்.

அதனால் நான் இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்வதில்லை. முதல் சுற்றில் நடையைத் தொடவே மாட்டேன். பேச்சுத் தமிழ் பேச்சுத் தமிழாகவே இருக்கட்டும். இணைப்புச் சொல் எதுவும் சேராது. ஒவ்வொரு ‘ல’, ‘இல்ல’, ‘லாம்’ மீதும் விரலை வைத்து, நான் சொன்னது இடமா, மறுப்பா, அனுமதியா என்று மட்டும் பார்ப்பேன். அடுத்து இலக்கங்களை நினைவோடு அல்லாமல் பதிவேட்டோடு ஒப்பிடுவேன். அப்புறம் நிறுத்தக்குறி. என் கைபேசி தமிழுக்குத் தானாக முற்றுப்புள்ளி வைப்பதில்லை. ‘ஸ்டாக் இல்ல நாளைக்கு காலைல வரும்’ என்பதில் ‘நாளைக்கு’ எந்தப் பக்கம் சேர்கிறது என்பதைப் பேசியவர்தான் தீர்மானிக்க முடியும்.

இதைப் பேசிய சில நிமிடங்களுக்குள் செய்துவிட வேண்டும். விசைப்பலகை வழியாகப் பேசும்போது எழுத்துதான் நம் கையில் தங்குகிறது. திரும்பக் கேட்க ஒலிப்பதிவு எதுவும் இருப்பதில்லை. மறுநாள் காலையில் ‘மாத்தலாம்’ என்பதைப் பார்த்தால், நாமே அப்படித்தான் சொல்லியிருப்போம் என்று நம்பிவிடுவோம். பேசிக்கொண்டே திரையைப் பார்ப்பதும் பயன்தராது. அடுத்த சொற்கள் வர வர, முன்னால் எழுதியதைக் கருவி மாற்றிக்கொண்டே போகிறது. சரியாக விழுந்ததைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பேசினால், வாக்கியம் முடிவதற்குள் அது வேறொன்றாகியிருக்கும்.

சுத்தமான வடிவம் கைக்கு வந்த பிறகுதான் மெருகு. அதில் ஒரு சொல்லிடம் எனக்குத் தனிப் பகை உண்டு: ‘தெரிவிக்கப்பட்டுள்ளது’. பேச்சில் ‘சொன்னாங்க’ என்று சொல்லிவிடுகிறோம். சொன்னவர் யார் என்பது அப்போது நமக்குத் தெரியும். செயப்பாட்டு வினையாக மாற்றியவுடன் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார். எனவே யார் என்பதை முதல் சுற்றிலேயே எழுதிவிடுவேன். இறுதியில் போன செய்தி இதுதான்:

“14ஆம் எண் ரிங் பிரேமில் டிராவலர் மாற்றவில்லை. ஸ்டோரில் இருப்பு இல்லை. நாளை காலை வரும் என ஸ்டோர் பொறுப்பாளர் கூறினார். அதுவரை இந்தப் பிரேமைக் குறைந்த வேகத்தில் இயக்குகிறோம். 50 காப்களைத் தனியே வைத்துள்ளோம்; தரப் பிரிவினர் அவற்றைச் சோதிக்க வேண்டுகிறேன்.”

‘தேய்ந்த டிராவலரால் நூலின் மேல் நீட்டி நிற்கும் இழைகள் கூடியிருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்க்க மனம் துடிக்கும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் பேசியதில் அது இல்லை. மெருகு என்ற பெயரில் காரணங்களைச் சேர்க்க ஆரம்பித்தால் அதற்கு எல்லையே இருக்காது. தேவையென்றால் தனி வரியாக, என் ஊகம் என்று சொல்லி எழுதுவேன்.

பிழை எழாமலே தடுக்க ஒரு வழியையும் கண்டுகொண்டேன். எழுத்துத் தமிழிலேயே பேசிவிட வேண்டும். ‘மாற்றவில்லை’, ‘பிரேமில்’, ‘ஐம்பது’ என்று வாய்விட்டுச் சொன்னால் கருவி அரிதாகவே தவறுகிறது. ‘வில்லை’ என்பதை ‘லாம்’ என்று கேட்க வழியில்லை. கூடத்தை விட்டு வெளியே வந்து, கதவை மூடிக்கொண்டு பேசினால் இன்னும் நல்லது. தொடக்கத்தில் ஃபிட்டர்கள், “அண்ணே, செய்தி வாசிக்கிறீங்களா?” என்று கேலி செய்தார்கள். ஆனால் மறுப்புகளையும் எண்களையும் மட்டும் இப்படிச் சொல்லி, மற்றதை வழக்கம்போல் பேசினாலே சுத்தம் செய்யும் வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது. எதிர்பாராமல் கிடைத்த நன்மை என்று இதைத்தான் சொல்வேன்.

ல, ள, ழ மயக்கத்தையும், வலி மிகும் இடத்தில் ஒற்று விடுபடுவதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவை கண்ணுக்குத் தெரிகின்றன. இரண்டாம் சுற்றில் திருத்திக்கொள்ளலாம்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். விடுப்பு விண்ணப்பத்துக்கும் கூட்ட அழைப்புக்கும் தாராளமாகப் பேசி எழுதுங்கள். ‘செய்தோம், செய்யவில்லை’ என்பதைப் பொறுத்து அடுத்த ஷிப்ட்காரர் இயந்திரத்தில் கை வைக்கப்போகும் அறிக்கைக்கு இதை நம்பாதீர்கள். இவ்வளவு சொல்லும் நீ ஏன் விடவில்லை என்று கேட்பார். விரலில் எண்ணெய் இருக்கிறது, இரவு ஷிப்ட் முடிந்து அறிக்கை எழுதி முடித்தால்தான் வீட்டுக்குப் போக முடியும், தட்டச்சு செய்வதைவிட இது இன்னும் வேகமாகத்தான் இருக்கிறது. நாளைக்கும் பேசித்தான் எழுதுவேன். எழுதிவிட்டு அந்த ‘ல’வைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தேடுவேன்.