கார்ட்டூன் முகம்: பாகங்களைத் தேர்ந்தெடுப்பதா, செல்ஃபி மேலேயே வரைவதா?

வாட்ஸ்அப் அவதார் போன்றவற்றில் கண், மூக்கு, முடி என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் முகம் தயார். அதையே வெவ்வேறு பாவனைகளில் ஸ்டிக்கராகவும் அனுப்பலாம். ஆனால் பட்டியலில் இல்லாதது முகத்திலும் வராது. என் தங்கையின் இடது புருவத்தில் சின்னத் தழும்பு, அந்த இடத்தில் முடி கிடையாது. அவளை அவளாகக் காட்டுவதே அதுதான். அதற்கு அங்கே வழியில்லை.

அதனால் புரொஃபைல் படத்துக்கு ஐபிஸ் பெயின்ட் போன்ற செயலியில் வரைவதையே சொல்வேன். செல்ஃபியை அடி லேயராக வைத்து, மங்கலாக்கி, மேலே புது லேயரில் கோடு இழுக்க வேண்டும். முகத்தின் வெளிக்கோடு, முடி தொடங்கும் கோடு, புருவம் மூன்றும் சரியாக அமைந்தால் பாதி சாயல் வந்துவிடும். மூக்குக்கு நுனியும் துவாரங்களும் போதும். பக்கக் கோடுகளையும் இழுத்தால் வயது கூடிவிடும். தங்கையின் புருவத்தில் முடியில்லாத அந்த இடத்தை நிஜத்தைவிடச் சற்று அகலமாக விட்டேன், இல்லாவிட்டால் சின்ன வட்டத்தில் அது தெரியாது.

படம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். முகத்துக்கு மிக அருகில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய்விடும். யாரையாவது ஐந்தடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்கச் சொல்லுங்கள். செல்ஃபிதான் என்றால் படம் இடவலம் மாறிப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் மூக்குத்தியும் வகிடும் எதிர்ப்பக்கம் போயிருக்கும். அப்புறம், முடித்ததை விரல் நகம் அளவுக்குச் சுருக்கி, வீட்டில் ஒருவரிடம் யாரென்று கேளுங்கள்.