ஆடி மாத வீட்டுக்கு மார்கழிப் பனி: இரண்டு குளிர்காலம் பயன்படுத்திய பிறகு

கோடைப் படத்தைப் பனிக்காலப் படமாக மாற்றும் செயலியின் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். பெயரை இங்கே சொல்லவில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் வீட்டுப் படத்தைப் போட்டு வாழ்த்து அட்டை செய்து கொடுப்பது என் பொழுதுபோக்கு. அதற்காகத்தான் இதற்கு இரண்டு வருடமாகக் காசு கட்டுகிறேன்.

பனி போடுவதில் இதைக் குறை சொல்ல வழியில்லை. வேலியின் ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒரு சிறு தொப்பி, தபால்பெட்டியின் மேல் ஒரு கைப்பிடிப் பனி, கூரையின் விளிம்பில் சற்றே முன்தள்ளிய ஒரு மடிப்பு. என் கையால் வரைந்தால் கூரையில் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும்.

ஆனால் வீட்டைச் சும்மா விடாது. அடுத்த தெரு அக்காவின் அட்டையைக் கொடுத்தபோது ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, எங்கள் முன் யன்னலில் எட்டுக் கண்ணாடி. இதில் ஆறுதானே இருக்கிறது?" என்றார். எண்ணிப் பார்த்தேன், ஆறுதான். வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்த வீட்டு இலக்கமும் ஏதோ கிறுக்கலாகியிருந்தது. "சுவர், கதவு, யன்னல் எதையும் மாற்றாதே" என்று எத்தனை விதமாக எழுதிக் கொடுத்தாலும் பெரிய பலன் இல்லை. காரணம், இது படத்தின் மேல் பனியைத் தூவுவதில்லை. படம் முழுவதையும் புதிதாக வரைகிறது. இவ்வகைச் செயலிகள் பலவும் படத்தைச் சுருக்கி, எட்டுக்கு எட்டு பிக்சலை ஒரு கட்டமாக மடித்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. 4000 பிக்சல் அகலப் படத்தில் 12 பிக்சல் இருந்த யன்னல் சட்டம், 1000 பிக்சலுக்குச் சுருங்கும்போது வெறும் 3 பிக்சல். ஒரு கட்டத்துக்குள் அது அடங்கிவிடுகிறது. திரும்ப விரிக்கும்போது எத்தனை சட்டம் இருந்தது என்பது ஊகம்தான்.

அதனால் இப்போது செயலியிடமிருந்து பனியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது தரும் படத்தைப் பழைய அளவுக்குப் பெரிதாக்கி, ஜிம்ப் மென்பொருளில் மூலப் படத்தின் மேல் அடுக்காக வைத்து, அடுக்கின் முறையை Difference என மாற்றுவேன். மாறாத இடம் கறுப்பாகும். மாறிய இடம் ஒளிரும். பனி விழுந்த இடம் ஒளிர்வது சரி. சுவரின் நடுவே ஒரு யன்னல் ஒளிர்ந்தால் திருட்டு அகப்பட்டது. எல்லா விளிம்பிலும் மெல்லிய கோடு தெரிந்தால் படம் முழுவதும் சற்று நகர்ந்திருக்கிறது என்று பொருள். அம்புக்குறி விசையால் இரண்டு மூன்று பிக்சல் தள்ளினால் கோடு மறையும். பிறகு முறையை Normal ஆக்கி, அந்த அடுக்கை முழுவதும் மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, கூரை, புல்தரை, வானம், யன்னல் விளிம்பு ஆகியவற்றில் மட்டும் மென்மையான வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுவேன். செங்கல்லும் கதவும் மூலப் படத்தினுடையவை. பெரிதாக்கியதால் வரும் மங்கல் செங்கல்லுக்கு ஆகாது, பனிக்கு அழகாகவே பொருந்துகிறது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சுவர் மூலப் படத்தினுடையது என்றால் அதன் மேல் விழுந்த வெயிலும் அப்படியே இருக்கும். ரொறன்ரோவில் ஜூன் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 70 பாகை உயரத்தில் நிற்கிறது, டிசம்பரில் 23 பாகைதான். ஒரு முறை மொட்டை மரத்துக்குப் பின்னால் சுவரில் இலை நிழல் ஆடிக்கொண்டிருந்த அட்டையை அச்சடித்தே விட்டேன். இப்போது மேகமூட்டமான நாளில் எடுத்த படம்தான் கேட்டு வாங்குகிறேன்.

எந்த மாஸ்க்கும் உதவாத இடம் ஒன்று இருக்கிறது: அக்கா வீட்டு மேப்பிள் மரம். கோடையில் அது படுக்கையறைப் பக்கத்தை முழுவதும் மறைத்து நிற்கிறது. குளிர்காலமாக்க இலையை உதிர்த்தால் பின்னாலிருக்கும் சுவர் தெரிந்தாக வேண்டும். அது படத்திலேயே இல்லை. செயலி அங்கே இரண்டு ஒல்லி யன்னல்களை வைத்தது. உண்மையில் அங்கே இருப்பது ஒரே ஒரு அகலமான யன்னல். கடைசியில் நவம்பரில் இலை விழுந்த பிறகு நடந்து போய், அதே நடைபாதையில் நின்று அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து வந்து ஒட்டினேன். அக்கா வாசலில் நின்று சிரித்தார்: "இன்னும் இரண்டு கிழமையில் உண்மையாகவே கொட்டப்போகிறது, அப்போது எடுத்தால் போதாதா?"

ஒரு அட்டைக்கு ஒன்றரை மணி நேரம் போகிறது. அதில் செயலியின் பங்கு அரை நிமிடம், மீதி அது கெடுத்ததைத் திருத்துவது. நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். நேற்று இரவு அந்தக் கம்பங்களின் தொப்பிகளை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தபோது, என் சந்தாவை மூன்றாம் வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன்.