லண்டனிலிருந்து வந்த காம்பஸ்: செட்டிநாட்டில் பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

என்னிடம் இரண்டு காம்பஸ் இருக்கின்றன. ஒன்று, சர்வேயர் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய பித்தளைப் பெட்டி. இன்னொன்று, லண்டனில் இருக்கும் மகன் அனுப்பியது. தெளிவான பிளாஸ்டிக் தகட்டில், திரவம் நிரப்பிய வட்டத்துக்குள் ஊசி சுழலும் வகை. மொட்டை மாடியில் சோலார் தகடு வைப்பவர்களுக்குத் தெற்கு பார்த்துச் சொல்லவும், பழைய பத்திரத்தில் உள்ள எல்லைகளைச் சரிபார்க்கவும் இரண்டையும் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன்.

புதியது கைக்கு அடக்கம். எண்கள் நன்றாகத் தெரியும், ஊசி ஆடிக்கொண்டிருக்காமல் சட்டென்று நிற்கும். ஆனால் எங்கள் ஊரில் அதன் ஊசியினுடைய தெற்கு முனை கீழே சாய்ந்து அடித்தட்டை உரசுகிறது. உரசினால் ஊசி பாதி வழியில் நின்றுவிடும். ஒரே இடத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்தால் இரண்டு திசை காட்டும். இது பழுது இல்லை. என்ன காரணம் என்று என் பேத்திக்கு ஒரு கோடை விடுமுறையில் விளக்கிச் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

“ஐயா, ஊசிக்கு வடக்கு எப்படித் தெரியும்?” என்றுதான் ஆரம்பித்தாள்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கொடுத்து, தையல் ஊசி ஒன்றை ஒரே பக்கமாகத் தேய்க்கச் சொன்னேன். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் காந்தத்தைத் தூக்கி, ஆரம்பித்த முனையிலிருந்தே மறுபடி இழுக்க வேண்டும். தேய்த்த ஊசியைத் தெர்மோகோல் துண்டில் குத்தித் தண்ணீரில் விட வேண்டும். அவள் ஓடிப்போய் அடுப்படியிலிருந்து மங்குக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். ஊசி கொஞ்சம் நகர்ந்து, கிண்ணத்தின் விளிம்பில் முனை குத்த நின்றது. வேறு இடத்தில் விட்டால் அந்தப் பக்கத்து விளிம்புக்குப் போய்விட்டது.

“எல்லாப் பக்கமும் வடக்கா ஐயா?”

மங்குச் சாமான் பார்க்கப் பீங்கான் மாதிரி இருந்தாலும் உள்ளே இரும்புத் தகடு. ஸ்பீக்கர் காந்தத்தைக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வைக்கச் சொன்னேன், பச்சென்று ஒட்டிக்கொண்டது. அவளுடைய அப்பத்தா பித்தளைக் கிண்ணம் ஒன்று கொடுத்தாள். வளவின் நடுவில், ஜன்னல் கம்பியும் ஊஞ்சல் சங்கிலியும் தூரமாக இருக்கும் இடத்தில் அதை வைத்தோம். இப்போது ஊசி மெதுவாகத் திரும்பி நின்றது. மாற்றித் திருப்பி விட்டாலும் பழையபடி வந்து நின்றது. தண்ணீர் அதை ஓரத்துக்குக் கொண்டுபோனாலும் அது பார்க்கும் திசை மாறவில்லை.

“வடக்கு இழுத்தா, ஊசி வடக்கு ஓரத்துக்குத்தானே போகணும்? நின்ன இடத்துலயே ஏன் திரும்புது?”

நல்ல கேள்வி ஆத்தா, என்றேன். பூமியும் ஒரு காந்தம். சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டத்தில் மின்சாரம் உண்டாகி, அதிலிருந்து காந்தம் வருகிறது. அந்தக் காந்தம் ஊசியின் ஒரு முனையை வடக்கே எவ்வளவு இழுக்கிறதோ, அடுத்த முனையை அதே அளவு தெற்கே இழுக்கிறது. இரண்டும் சமம் என்பதால் ஊசி எங்கும் போகாது, திரும்ப மட்டும் செய்யும். மங்குக் கிண்ணத்தில் கதை வேறு. இரும்பு பக்கத்தில் இருக்கும்போது, கிட்டே உள்ள முனை எட்ட உள்ள முனையைவிட அதிகமாக இழுபடும். அதனால்தான் ஊசி நகர்ந்துபோய் ஒட்டியது.

இதை அவள் பிடித்துக்கொண்டாள். இரும்பு பீரோ, முகப்பின் கம்பி ஜன்னல், என் சைக்கிள் என்று காம்பஸை ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொண்டுபோய், ஊசி எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். தேக்குத் தூண் பக்கத்தில் விலகவில்லை என்று அவளே வந்து சொன்னாள்.

அப்புறம்தான் லண்டன் காம்பஸ் விஷயத்துக்கு வந்தோம். காந்தம் ஏற்றாத ஒரு தையல் ஊசியின் நடுவில் நூல் கட்டி, சமமாக நிற்கும் இடம் பார்த்து ஒரு சொட்டு மெழுகு வைத்துத் தொங்கவிட்டோம். பிறகு நூலை நகர்த்தாமல் ஊசியைக் காந்தத்தில் தேய்த்தோம். அது வடக்கு தெற்காகத் திரும்பியது, ஆனால் ஏறக்குறைய கிடையாகவே நின்றது. இதையே லண்டனில் செய்தால் வடக்கு முனை சடாரென்று கீழே குத்திட்டுவிடும். அங்கே காம்பஸ் செய்துகொண்டிருந்த ராபர்ட் நார்மன் என்பவர் இதைக் கவனித்து, 1581-இல் எழுதி வெளியிட்டார். சமமாகச் செய்த ஊசி, காந்தம் ஏற்றியதும் தலை சாய்வது அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்திருக்கிறது. அவர் அளந்தபோது சாய்வு கிட்டத்தட்ட 72 டிகிரி.

“அங்க மட்டும் ஏன் ஐயா?”

பூமியின் காந்தம் எல்லா இடத்திலும் தரையோடு படுத்து ஓடுவதில்லை. வடக்கே போகப் போக அது தரைக்குள் இறங்குகிறது, தென்கோடியில் தரையிலிருந்து மேலே எழுகிறது. நடுவில் ஒரு கோட்டில் மட்டும் தரைக்குச் சமமாகப் போகிறது. அந்தக் கோடு நம் தென் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் ஒட்டிப் போகிறது. 1963-இல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை விட, கேரளக் கடற்கரையில் உள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் கோட்டுக்கு அருகில் இருப்பதே காரணம். செட்டிநாடு அதற்குக் கொஞ்சம் வடக்கே இருப்பதால் இங்கே சாய்வு சில டிகிரிதான்.

லண்டனில் விற்கும் காம்பஸில் வடக்கு முனை கீழே போகாமல் இருக்கத் தெற்குப் பக்கம் எடை கூட்டியிருப்பார்கள். இங்கே வடக்கு முனையைக் கீழே இழுக்க ஆளில்லை, ஆனால் எடை மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் தெற்கு முனை தாழ்கிறது. பித்தளைப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அந்த ஊசியின் தெற்குப் பாதியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதை நகர்த்தி எந்த ஊருக்கும் சமன் செய்துகொள்ளலாம். என்னுடையதில் அது ஊசியின் நடுவை ஒட்டியே இருக்கிறது. பேத்தி அதை வெளிப்பக்கமாகத் தள்ளினாள், ஊசி லண்டன் காம்பஸ் போலவே சாய்ந்தது. திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்ததும் நிமிர்ந்தது. அதற்குமேல் நான் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

இத்தனை இருந்தும் லண்டன் காம்பஸை நான் ஒதுக்கவில்லை. தெற்குப் பக்கத்தைச் சற்றே தாழ்த்திப் பிடித்தால் ஊசி உரசாமல் சுற்றும். சோலார் தகடு இருக்கும் தளத்தில் இரும்புச் சட்டம் நிற்கும், அதிலிருந்து சில அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் எங்கள் பக்கம் சுமார் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். சோலார் வேலைக்கு அது பொருட்டே இல்லை. நிலம் அளக்கும்போது மட்டும் நான் பித்தளைப் பெட்டியைத்தான் எடுக்கிறேன்.

புதிதாக வாங்குபவர்கள் கடையில் காம்பஸை மேசைமேல் படுக்க வைத்து, கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் பாருங்கள். ஊசி அடித்தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். கடை மேசை இரும்பாக இருந்தால் அதை வெளியே எடுத்துப்போய்ப் பார்ப்பது நல்லது. வெளிநாட்டில் வாங்கிவரச் சொல்வதாக இருந்தால், எல்லா நாட்டுக்கும் பொருந்தும்படி ஊசி அமைத்த வகை கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே கேளுங்கள்.