எலுமிச்சையா, வினிகரா, தயிரா: வீட்டுப் பனீர் ஏன் ரப்பராகிறது?

எங்கள் வீட்டில் பனீர் சண்டை எப்போதும் புளிப்பைப் பற்றித்தான். அம்மாவுக்குத் தயிர் ஊற்றித் திரித்தால்தான் பனீர். எனக்கு எலுமிச்சை. மாடி வீட்டு அக்கா வினிகர் கட்சி. மூன்று பேருக்குமே ஒரு நாள் பஞ்சு மாதிரி வரும், இன்னொரு நாள் கடித்தால் பல்லில் கிறீச்சிடும். புளிப்புதான் காரணம் என்றால் எங்களில் ஒருவருக்காவது எப்போதும் நன்றாக வந்திருக்க வேண்டுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை யோசித்தேன். அன்றே அரை லிட்டர் ஃபுல் கிரீம் பால் பாக்கெட் நான்கு வாங்கி, நான்கு விதமாகத் திரித்துப் பார்த்தேன்.

முதல் பாக்கெட்டை வழக்கம்போலச் செய்தேன். பால் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சைச் சாற்றை அப்படியே ஊற்றி, 'இன்னும் கொஞ்சம் திரியட்டும்' என்று இரண்டு நிமிடம் அடுப்பிலேயே விட்டேன். இரண்டாவதற்கும் எலுமிச்சைதான். ஆனால் கொதித்த பாலை இறக்கி, 75 டிகிரிக்கு ஆறவிட்டு, சாற்றை வெந்நீரில் கலந்து ஊற்றினேன். மூன்றாவது அதே 75 டிகிரியில் வினிகர். நான்காவது தயிர். எல்லாவற்றையும் ஒரே துணியில் மாற்றி மாற்றி வடிகட்டி, ஒரே எடை வைத்து, ஒரே நேரம் அழுத்தினேன்.

முடிவில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மூன்றும் அக்கா தங்கை போல இருந்தன. முதலாவது மட்டும் தனி. துண்டு சிறியது, தராசில் மற்றவற்றைவிடப் பத்துப் பன்னிரண்டு கிராம் குறைவு, விரலால் அழுத்தினால் பந்து போலத் திரும்பி எழும்பியது. அதாவது எலுமிச்சைக்கும் வினிகருக்கும் இருந்த வித்தியாசத்தைவிட, எலுமிச்சைக்கும் எலுமிச்சைக்கும் இருந்த வித்தியாசம் பெரியது.

காரணம் தண்ணீர். பனீரில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான், அதுதான் மென்மை. புளிப்பு பட்டதும் பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டி வலை போலப் பின்னிக்கொள்ளும்; கொழுப்பும் கொஞ்சம் நீரும் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்ளும். சூடு அதிகமாக இருக்க இருக்க அந்த வலை இறுகிச் சுருங்கி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். கொதியிலேயே திரித்து, மேற்கொண்டும் கொதிக்கவிட்டால் ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்த கதைதான். எடை குறைவதும் ரப்பராவதும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள்.

அப்படியானால் பாலைக் கொதிக்கவே விடாமல் நேரே 75-க்குச் சூடாக்கினால் போதாதா? போதாது. பால் புரதத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். மீதி, புளிப்புக்கு மட்டும் மசியாத வேறு வகைப் புரதம். அது நன்றாகச் சூடுபட்டு உருமாறினால்தான் கேசீனோடு ஒட்டும். இல்லாவிட்டால் வடியும் தண்ணீரோடு போய்விடும். அதனால்தான் பால் பண்ணைகளில் பாலை 90 டிகிரி வரை சூடாக்கி, பிறகு 70-க்கு இறக்கித் திரிக்கும் முறை இருக்கிறது. வீட்டுக்கும் அதுவே சரி: முதலில் நன்றாக ஒரு கொதி, பிறகு ஆறவிடுதல். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு, மூடாமல், ஆடை படியாதபடி அவ்வப்போது கிண்டிவிட்டு, ஒரு லிட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்கலாம். என் அடிகனமான பாத்திரத்தில் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. மெல்லிய பாத்திரம் சீக்கிரம் ஆறும். ரொம்ப ஆறவிட்டாலும் வம்பு. 60-க்குக் கீழே போனால் குருணை கூழாக வரும், துணியில் நிற்காது, வடியும் தண்ணீரும் பால் வெள்ளையாகவே இருக்கும். அப்போது மறுபடி லேசாகச் சூடாக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சரி, சூடு ஒன்று என்று வைத்துக்கொண்டால் எந்தப் புளிப்பு நல்லது?

எலுமிச்சை வாசனைக்கு நல்லது, கணக்குக்கு மோசம். ஒரு லிட்டர் பாலைத் திரிக்க ஏறக்குறைய 2 கிராம் சிட்ரிக் அமிலம் வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் இருக்கும் என்று கொண்டால் 40 மில்லி, அதாவது இரண்டே முக்கால் மேசைக்கரண்டி. ஆனால் பழத்துக்குப் பழம் சாறும் மாறும், புளிப்பும் மாறும். 'இரண்டு பழம்' என்ற சமையல் குறிப்பு ஒரு நாள் போதாது, ஒரு நாள் மிஞ்சும். அதைவிடப் பெரிய தப்பு, சாற்றை நீர் கலக்காமல் ஒரே இடத்தில் கொட்டுவது. விழுந்த இடத்தில் மட்டும் கெட்டிக் குருணை, சுற்றிலும் திரியாத பால். அதைப் பார்த்துப் பதறி இன்னும் ஊற்றுவோம். அதுதான் நான் பல வருடம் செய்தது.

வினிகர் இதற்கு நேர் எதிர். பாட்டிலில் போட்டிருக்கும் 4 சதவீதம் எந்த நாளும் 4 சதவீதம்தான், லிட்டருக்கு இரண்டு முதல் மூன்று மேசைக்கரண்டி. குறை, வாடை. பனீரைத் துணியிலேயே ஒரு தடவை அலசினால் பெரும்பாலும் போய்விடும். மசாலா தூக்கலான பட்டர் மசாலாவில் யாருக்கும் தெரியாது. உப்பு மட்டும் தூவிப் பச்சையாகச் சாப்பிடும் குழந்தை இருக்கிற வீட்டில் கண்டுபிடித்துவிடும்.

தயிரில் அம்மா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதன் புளிப்பு மிதமானது, ஊற்றும் அளவு அதிகம். அதனால் பால் ஒரேயடியாக வெட்டிக்கொள்ளாமல் மெதுவாக, பெரிய மெத்தென்ற குருணையாகத் திரியும். தயிரில் உள்ள புரதமும் சேர்வதால் பனீரும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் நன்றாகப் புளித்த தயிராக இருக்க வேண்டும். இனிப்பான புதுத் தயிர் ஊற்றினால் ஒன்றும் நடக்காது. இன்னொரு சூட்சுமம்: லிட்டருக்கு 200 மில்லி தயிர் வேண்டியிருக்கும், அது பாலைக் குளிரவைத்துவிடும். 85 டிகிரிப் பாலில் அறைச் சூட்டில் இருக்கும் 200 மில்லியை ஊற்றினால் 75 பக்கம் வந்து நிற்கும். அதனால் தயிருக்கு மட்டும் நான் அதிகம் ஆறவிடுவதில்லை. எலுமிச்சைக்குச் சொன்ன 75-ஐயே தயிருக்கும் வைத்தால் 68 பக்கம் இறங்கிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தயிர் என்றால் இன்னும் மோசம்.

இந்த மூன்றையும் விட்டு, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்துக்கு நான் மாறிவிட்டேன். 2 கிராம், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, ஒரு டம்ளர் வெந்நீரில், 200 மில்லி என்று வையுங்கள், கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல். வாடை இல்லை, பழத்தின் மனநிலையைப் பார்க்க வேண்டியதும் இல்லை. வெந்நீர் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பச்சைத் தண்ணீரில் கரைத்தால் தயிரின் கதைதான் இங்கேயும். அம்மாவுக்கு இது மருந்து போட்ட பனீர். எலுமிச்சையில் இருப்பதும் இதுதான் என்று சொல்லியும் பயனில்லை.

போன முறை செய்த பனீரின் தண்ணீரை எடுத்துவைத்து அடுத்த பாலைத் திரிக்கலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அன்று வடித்ததில் அவ்வளவு புளிப்பு இருக்காது. ஒரு நாள் வெளியே வைத்து, நாக்கில் வைத்தால் சுளீரென்று இருந்தால்தான் வேலைக்கு ஆகும்.

எதை ஊற்றினாலும் எப்போது நிறுத்துவது என்பதுதான் கைப்பக்குவம். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக, பாத்திரம் முழுக்க ஊற்றி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கரண்டியை ஒதுக்கிப் பார்த்தால் தெரியும் தண்ணீர் இளம்பச்சை கலந்த தெளிவாக மாறியதும், டம்ளரில் கரைசல் மிச்சம் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். மேலே ஊற்றும் ஒவ்வொரு கரண்டியும் புளிப்பையும் வறட்சியையும்தான் சேர்க்கும். இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புளிப்பு கூடிப்போன பனீர் மணல் மணலாக, வறண்டு இருக்கும், நாக்கிலும் தெரியும். சூடு கூடிப்போனது இழுவையாக, கிறீச்சென்று இருக்கும், புளிக்காது. எதில் தப்பினோம் என்பதை வாயில் போட்டே சொல்லிவிடலாம். முதல் பாக்கெட்டில் எனக்கு இரண்டும் நடந்திருந்தது.

நிறுத்தியதும் ஐந்து, பத்து நிமிடம் தொடாமல் விட்டு, சூடு ஆறுவதற்குள் வடிகட்டிவிட வேண்டும். ஆறிய குருணை ஒன்றோடொன்று ஒட்டாது. ஒரு லிட்டருக்கு ஒன்றரை, இரண்டு கிலோ எடை, இருபது நிமிடம் போதும். அம்மிக்கல்லை ராத்திரி முழுக்க ஏற்றி வைத்தால் நாமே நீரைப் பிழிந்தெடுத்து ரப்பராக்குகிறோம். எடையை எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டால் இறுகி, வெட்டும்போது உதிராமல் வரும்.

பாலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கொழுப்பு 6 சதவீதம் உள்ள ஃபுல் கிரீம் வாங்குங்கள். 3 சதவீத டோன்டு பாலில் புரத வலைக்கு நடுவே தடுப்பாக நிற்கக் கொழுப்பு குறைவு, அதனால் என்ன கவனமாகச் செய்தாலும் ஒரு படி இழுவைதான், அளவும் குறையும். எருமைப்பால் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பசும்பால் பனீர் மென்மையாக இருக்கும், ஆனால் குழம்பில் சீக்கிரம் உடையும்.

அடுப்பில் பக்குவமாக வந்த பனீரையும் வாணலியில் கெடுக்க முடியும். எண்ணெயில் பொன்னிறம் தாண்டி வறுத்தால் மேல்புறம் வறண்டு தோல் போலாகிவிடும். வறுத்த கையோடு உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் போட்டால் அது ஓரளவு திரும்பும். கொதியில் திரித்து ரப்பரான பனீருக்கு இந்த வெந்நீர் வைத்தியம் பலிக்காது. அன்றைய முதல் பாக்கெட்டை நான் ஊறவைத்தும் பார்த்துவிட்டு, கடைசியில் துருவி, வெங்காயம் பச்சைமிளகாய் போட்டுப் புர்ஜி கிளறினேன். துருவினால் இழுவை அவ்வளவாகத் தெரியவில்லை.