மொழியா, வட்டாரமா: தேதியை மாற்றுவது எது?

கணினியின் காட்சி மொழி, பட்டியல்களும் அறிவிப்புகளும் எந்த மொழியில் தோன்ற வேண்டும் என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. தேதி, தசமப் புள்ளி, நாணயக் குறி ஆகியவற்றை வட்டார அமைப்பே தீர்மானிக்கிறது. விசைப்பலகை மொழிக்கு இதில் பங்கே இல்லை, அது எழுத்துகளை உள்ளிடும் வழி மட்டுமே; ஆனாலும் பலர் முதலில் அதைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள்.

காட்சி மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாகவும் வட்டாரம் அமெரிக்காவாகவும் இருக்கும் கணினியில், ஏப்ரல் 3 என்று எண்ணி எக்செலில் 03/04/2025 என்று உள்ளிட்டால், அது மார்ச் 4 ஆகவே பதிவாகும். 13/04/2025 என்று உள்ளிட்டாலோ, பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அது தேதியாகவே ஏற்கப்படாமல், வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்புறம் ஒட்டி நிற்கும். கோளாறைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இதுதான். பிறகு வட்டாரத்தைத் திருத்தினாலும், தவறாகப் பதிவான மார்ச் 4 தானாக ஏப்ரல் 3 ஆகிவிடாது, ஏனெனில் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது மார்ச் 4-ஐக் குறிக்கும் 45720 என்ற வரிசை எண்.

நாணயத்தில் சிக்கல் வேறு விதமானது: வட்டாரத்தை ஜெர்மனிக்கு மாற்றினால், கணினியின் இயல்பு நாணய வடிவத்தைப் பின்பற்றும் 1,250.00 டாலர் 1.250,00 யூரோவாகத் தோன்றும். குறிதான் மாறியிருக்கும், தொகை எந்த மாற்று விகிதத்தையும் கண்டிருக்காது.