ஆடுதுறை 'ஆட்டுத் துறை' ஆகாமல் இருக்க: பலகைப் படத்தை மொழிபெயர்க்கும் நான்கு வழிகள்

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஒரு பேருந்து நிற்கிறது. முன்கண்ணாடிக்கு மேலே 'மயிலாடுதுறை' என்று பெரிய எழுத்து. அதன் கீழே சின்னதாக 'வழி: திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம்'. நடவு வேலைக்குப் பீகாரிலிருந்து வந்தவரோ, தமிழ் படிக்காமல் வெளியூரில் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளையோ அதைப் போனில் படமெடுத்துத் தெரிந்துகொள்ள நினைக்கிறார்கள். போன் இங்கே இரண்டு தனி வேலைகளைச் செய்கிறது. முதலில் படத்தில் உள்ள தமிழை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். பிறகு படித்ததைப் பொருள் மாற்ற வேண்டும். நடுவில் அது என்ன படித்தது என்பதை நம்மிடம் காட்டுகிறதா, மறைக்கிறதா? வழிகளுக்கு இடையே உள்ள பெரிய வேறுபாடு அதுதான்.

கேமராவைக் காட்டியபடியே மொழிபெயர்ப்பது

கூகுள் டிரான்ஸ்லேட்டில் கேமராவைத் திறந்து பலகையை நோக்கிப் பிடித்தால், தமிழ் எழுத்து அழிந்து அதே இடத்தில் ஆங்கிலமோ இந்தியோ வந்து உட்காரும். பேருந்து கிளம்பப் போகிற அவசரத்தில் இதைவிட வேகமான வழி கிடையாது. குறையும் அந்த வேகத்திலேயே இருக்கிறது. மூல எழுத்தின்மேல் மொழிபெயர்ப்பு படிந்துவிடுவதால், செயலி எதைப் படித்தது என்று பக்கத்தில் நிற்கும் தமிழர்கூட எளிதில் சொல்ல முடியாது.

ஊர்ப்பெயர்களில் இது வம்பு. ஆடு, துறை இரண்டும் பொருளுள்ள சொற்கள் என்பதால் ஆடுதுறை 'ஆட்டுத் துறை' ஆகிவிடலாம். பேரளம் பக்கத்துப் பூந்தோட்டம் பூக்கள் நிறைந்த தோட்டமாகவும், நன்னிலம் நல்ல நிலமாகவும், கல்லணை வெறும் கற்களால் ஆன அணையாகவும் மாறலாம். பொருளில் பிழை சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி நடத்துநரிடம் டிக்கெட் வாங்க முடியாது.

ஒரு நல்ல அறிகுறியும் இதில் உண்டு. செயலி ஒவ்வொரு கணமும் பலகையைப் புதிதாகப் படிப்பதால், தடுமாறும் இடத்தில் சொல் மாறி மாறித் துடிக்கும். கையை அசைக்காமல் மூன்று விநாடி பிடித்தும் ஒரு சொல் நிலைக்கவில்லை என்றால், அந்தச் சொல்லை நம்ப வேண்டாம்.

படமெடுத்து, எழுத்தை நகலெடுத்து, பிறகு மாற்றுவது

கூகுள் லென்ஸில் எடுத்த படத்தைத் திறந்து, எழுத்தின்மேல் விரலை வைத்துத் தேர்ந்து நகலெடுத்தால் தமிழ் வரி தமிழாகவே கைக்கு வரும். அரை நிமிடம் கூடுதலாகும். பேருந்துப் பலகைக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான்.

நகலெடுத்த ஊர்ப்பெயரை மொழிபெயர்ப்புப் பெட்டியில் ஒட்டாமல் வரைபடச் செயலியின் தேடலில் ஒட்டுங்கள். ஆடுதுறை கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு புள்ளியாக வந்து நிற்கும், ஆங்கில எழுத்துக்கூட்டும் கூடவே தெரியும். மொழிபெயர்ப்புப் பெட்டி தரும் ஒலிபெயர்ப்பு வேறு மாதிரி இருக்கும். அங்கே `Mayilāṭutuṟai` என்று கண்டவர், டிக்கெட் முன்பதிவில் இருக்கும் `Mayiladuthurai` அதே ஊர்தான் என்று அறியமாட்டார். தமிழில் டகரத்துக்கும் தகரத்துக்கும் ஒலிப்பு இடத்துக்கு இடம் மாறும், எழுத்து மாறாது. இயந்திரம் எழுத்தை மட்டுமே பெயர்க்கிறது. (2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றி அரசு ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. மனிதர்களுக்கே இதில் உடன்பாடு எட்டவில்லை.)

இந்தப் பலகையின் உண்மையான பொறி குத்தாலம். மயிலாடுதுறைக்கு முன்னால் வரும் குத்தாலம் வேறு, தென்காசிப் பக்கம் அருவி விழும் குற்றாலம் வேறு. எழுத்தறியும் நிரல்கள் வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை, எந்தச் சொல் அடிக்கடி வரும் என்ற கணக்கையும் சேர்த்துப் பார்க்கின்றன. படம் மங்கலாக இருந்தால், அதிகம் பேர் எழுதும் பெயரின் பக்கம் சாய்ந்துவிடும். நகலெடுத்த வரியில் 'த்தா' இருக்கிறதா, 'ற்றா' இருக்கிறதா என்று பார்த்தால் போதும், தவறு அங்கேயே பிடிபடும். கேமராவைக் காட்டியபடி மாற்றும் வழியில் இந்த வாய்ப்பே கிடைக்காது.

படம் எப்படி இருக்க வேண்டும்? எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி உங்கள் கண்ணுக்குத் தனியாகத் தெரிந்தால் செயலிக்கும் தெரியும். எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கறையாகத் தெரிந்தால் இன்னும் நாலடி கிட்டே போய் எடுப்பதுதான் வழி, ஏனென்றால் டிஜிட்டல் ஜூம் இருக்கிற கறையைப் பெரிதாக்குமே தவிர புள்ளியைக் கொண்டுவராது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பலகை என்றால் நேர் எதிரே நிற்காமல் சற்றுச் சாய்வாக நின்று எடுங்கள், எதிர்வெயில் பளபளப்பு விலகும். அதிகம் சாய்ந்தால் எழுத்துகள் நெருங்கி, ரகரமும் துணைக்காலும் குழம்பத் தொடங்கும்.

மின்னெழுத்துப் பலகை

எல்.இ.டி. பலகையைப் படமெடுத்தால் எழுத்தின் பாதி காணாமல் போவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பலகையில் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக மாறி மாறி எரிகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. வேகமாகத் திறந்து மூடும் கேமரா, எரியாத வரிசைகளைக் கறுப்புக் கோடுகளாகப் பதிந்துவிடும். போன் கேமராவில் 'புரோ' முறை இருந்தால் ஷட்டரை 1/30 விநாடிக்கு வையுங்கள். வெளிச்ச அளவை ஒரு படி குறையுங்கள், இல்லையென்றால் விளக்கின் ஒளி பரவிப் புள்ளிகளை விழுங்கிவிடும்.

எழுத்து நகர்ந்துகொண்டே இருக்கும் பலகையில் இந்த வித்தை உதவாது, 1/30 விநாடியில் எழுத்து இழுபட்டுவிடும். அங்கே பத்து விநாடி வீடியோ எடுத்து, பெயர் முழுதாகத் தெரியும் இடத்தில் நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுப்பது மேல்.

கடைப் பலகையில் கணக்கு மாறுகிறது

பேருந்துப் பலகையில் பெயரை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், கடைப் பலகையில் பொருள் வேண்டும். மன்னார்குடிப் பக்கத்து உரக்கடை ஒன்றின் பலகை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வரியில் 'உரம், பூச்சி', இரண்டாம் வரியில் 'மருந்து விற்பனை', மூன்றாம் வரியில் 'ஆடுதுறை 45, பொன்மணி விதை நெல் கிடைக்கும்'. பலகை எழுதுபவர் இடத்துக்குத் தகுந்தபடி வரியை ஒடிக்கிறார். ஒவ்வொரு வரியையும் தனி வாக்கியமாக எடுத்துக்கொள்ளும் செயலியில் 'பூச்சி' தனியாகப் போய், 'மருந்து விற்பனை' மருந்துக் கடையாகிவிடும். காய்ச்சலுக்கு மாத்திரை தேடி ஒருவர் உரக்கடை வாசலில் போய் நிற்பார்.

எழுத்தை நகலெடுத்து, வரிகளைச் சேர்த்து ஒரே வரியாக்கிப் பிறகு மாற்றினால் 'பூச்சி மருந்து' ஒன்றாகி, பொருள் சரியாக வரும். மூன்றாம் வரிக்கு அதுவும் போதாது. ஆடுதுறை 45 என்பது ஆடுதுறையில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட குறுவை ரகம், ஆங்கிலத்தில் `ADT 45`. பொன்மணி என்பது `CR 1009`. இவற்றைச் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொன்னால் விதை வாங்க வந்தவருக்கு ஒன்றும் விளங்காது.

இங்கேதான் படத்தைப் பார்த்துப் பதில் எழுதும் உரையாடல் செயலிகள் முந்துகின்றன. உடைந்த வரிகளைச் சேர்த்துப் பார்த்து, இது உரக்கடை, இவை நெல் ரகங்கள் என்று விளக்கும் திறன் அவற்றுக்கு உண்டு. பாத்திரக் கடையின் 'பாத்திரம்' கதாபாத்திரம் அல்ல, அரிசி மண்டியின் 'மண்டி' அடியில் தங்கும் கசடு அல்ல என்பதையும் சூழலை வைத்துப் பிரித்தறியும்.

ஆனால் படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பிவிட்டு, படித்தது போலவே எழுதும் பழக்கமும் அவற்றுக்கு உண்டு. அதனால் முதலில் 'பலகையில் உள்ள தமிழை வரிக்கு வரி அப்படியே எழுது, தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடு' என்று கேட்டுவிட்டு, அடுத்து மொழிபெயர்ப்பைக் கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஒரு சோதனை: போனின் படத்திருத்தியில் அந்தப் பெயரின் பாதியைக் கறுப்பால் மறைத்துப் புதிதாகக் கொடுங்கள். மறைத்த பிறகும் முழுப் பெயர் வந்தால், முன்பு வந்ததும் ஊகமாக இருக்க வாய்ப்பு அதிகம். பேருந்து வழிக்கும் விலைக்கும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

கணினியில் நாமே படிக்க வைப்பது

டெசராக்ட் என்பது கணினியில் ஓடும் எழுத்தறியும் நிரல். இலவசம், இணையம் வேண்டாம், படம் வெளியே போகாது. உபுண்டுவில் `tesseract-ocr-tam`, `imagemagick` இரண்டையும் நிறுவினால் போதும். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருந்தால் முதலில் நிறத்தைப் புரட்ட வேண்டும், ஏனென்றால் வெளிர் பின்னணியில் கருமையான எழுத்தைத்தான் அது எதிர்பார்க்கிறது:

```
convert board.jpg -colorspace Gray -negate -resize 200% b.png
tesseract b.png stdout -l tam --psm 6
```

ஒரே வரி மட்டும் வெட்டி எடுத்த படத்துக்கு `--psm 7`. தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் `-l tam+eng`. கணினி எழுத்துருவில் அச்சிட்ட பிளெக்ஸ் பலகைகளில் இது ஓரளவு கைகொடுக்கும். தூரிகையால் எழுதிய பலகையில் பெரும்பாலும் குப்பைதான் வரும், அச்சு வரிகளைப் படிப்பதற்காகப் பழக்கப்பட்டது அது. எழுத்தை மட்டுமே தருவதால் மொழிபெயர்ப்புக்கு வேறிடம் போக வேண்டும். நூற்றுக்கணக்கான படங்களை ஒரே ஓட்டத்தில் படிக்க வேண்டியவருக்குத்தான் இந்த உழைப்பு தகும்.

நான்கு வழிகளுமே சறுக்கக்கூடிய பலகை ஒன்று உண்டு. கும்பகோணம், தஞ்சாவூர்க் கடைத்தெருக்களில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் எழுதிய பழைய பலகை ஏதாவது எதிர்ப்படலாம். துதிக்கை போல் வளைந்த 'லை', 'ணை'. ஒரே சுழியாக எழுதிய 'ணா', 'றா', 'னா'. 'அண்ணாமலை' என்ற ஒரு பெயரில் அப்படி இரண்டு எழுத்துகள் வந்துவிடும், செயலி அதை 'அண்ணமல' என்று படித்தாலும் வியப்பில்லை. இந்த வடிவங்களுக்கு யூனிகோடில் தனிக் குறியீடு இல்லை. பழைய 'லை'யும் புதிய 'லை'யும் அங்கே ஒன்றுதான், தோற்றம் மாறுவது எழுத்துருவில் மட்டும். இன்றைய எழுத்துருக்களைப் பார்த்தே பழகிய நிரலுக்கு அந்தத் துதிக்கை அறிமுகமில்லை. அத்தகைய பலகைக்கு, பழைய எழுத்து தெரிந்த ஒருவர் பெயரைப் போனில் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டால் மீதி வேலை நொடியில் முடியும்.