பார்ட்னர்ஷிப்பா, எல்எல்பியா: கடன் வந்தால் யார் வீடு போகும்?

இருவர் சேர்ந்து ஈரோட்டில் நூல் கடை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்திரப்படி ஒருவருக்கு 90 சதவீதம், மற்றவருக்கு 10. மில்லுக்குப் பாக்கி 40 லட்சம். கடைச் சரக்கை விற்றால் 10 லட்சம்தான் தேறும்.

சாதாரண பார்ட்னர்ஷிப் என்றால், மீதி 30 லட்சத்தையும் 10 சதவீதக்காரரிடமே மில்காரர் கேட்கலாம். 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது: பங்குதாரர்கள் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. சட்டத்தின் பார்வையில் நிறுவனம் தனி ஆளே அல்ல. அதன் கடன் பங்குதாரர்களின் கடன். லாப விகிதம் அவர்களுக்குள் பேசிக்கொண்டது, மில்காரரை அது கட்டுப்படுத்தாது. பெரிய பங்காளி கையை விரித்துவிட்டால், வீடு வைத்திருக்கிற சின்னவர்தான் மாட்டுவார். அப்புறம் 27 லட்சத்துக்குக் கூட்டாளி மேல் அவர் வழக்குப் போடலாம், ஆனால் ஒன்றுமில்லாதவரிடம் என்ன வசூலாகும்? விலகினாலும் பொது அறிவிப்பு கொடுக்காதவரை, தன்னைப் பங்குதாரராகத் தெரிந்தவர்களிடம் பின்னால் வரும் கடனுக்கும் பொறுப்பு தொடரும்.

எல்எல்பி என்பது பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு வைத்த பார்ட்னர்ஷிப். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான எல்எல்பி தனி சட்ட நபர். அதே 30 லட்சம் எல்எல்பியின் கடன். மில்காரர் சின்னவரின் வீட்டைத் தொட முடியாது, மோசடியில் அவருக்குப் பங்கு இருந்தாலொழிய.

ஒரு எச்சரிக்கை: வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடனுக்கு எல்எல்பியும் காப்பாற்றாது. ஆண்டுக் கணக்குத் தாக்கல் செலவும் உண்டு. ஆனாலும் கடனுக்குச் சரக்கு வாங்கும் தொழிலில் நான் எல்எல்பியைத்தான் சொல்வேன்.